கிரிலுக்குள் ஒரு கதவு

ஆனி மாதம் மாங்கனித் திருவிழா வந்துவிட்டால் காரைக்காலில் பல வீடுகளில் ஒரு காட்சி நடக்கும். பிச்சாண்டவர் ஊர்வலம் பார்க்க எல்லோரும் கிளம்புவார்கள். கால்வலியால் வர முடியாத பாட்டி உள்ளே இருப்பார். "பத்திரமா இருங்க பெரியம்மா" என்று சொல்லிவிட்டு, வெளிக்கிரிலில் பூட்டைப் போட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு போவார்கள். ஜன்னல்களிலோ அசையாத இரும்புக் கம்பி. திருடனுக்குப் பயந்து போட்ட பூட்டுதான். ஆனால் அந்த நேரம் சமையலறையில் தீப்பிடித்தால் பாட்டிக்கு வழி ஏது?

டெல்லி அனாஜ் மண்டியில் 2019 டிசம்பர் 8 அதிகாலை இது பயங்கரமாகத் தெரிந்தது. தொழிற்கூடமாக இருந்த கட்டடத்தில், வேலை செய்த இடத்திலேயே தூங்கிக்கொண்டிருந்தவர்களில் 43 பேர் இறந்தார்கள். பெரும்பாலோரைக் கொன்றது நெருப்பு அல்ல, புகை. ஜன்னல் கம்பிகளை அறுத்துத்தான் தீயணைப்பு வீரர்கள் உள்ளே போக வேண்டியிருந்தது. வீட்டிலும் கணக்கு இதேதான். புகை அறையை நிரப்பச் சில நிமிடம் போதும்; கம்பியை அறுக்க அதைவிட அதிக நேரமாகும்.

கிரிலை முழுவதுமாக எடுத்துவிடச் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள். எடுக்கவும் வேண்டாம். படுக்கையறைக்கு ஒரு ஜன்னல், அதில் உள்ளிருந்து மட்டும் திறக்கும் ஒரு சின்னக் கதவு, அவ்வளவுதான் வேண்டும். சாவியோ கருவியோ இல்லாமல், யாரும் சொல்லித்தராமலே அது திறக்க வேண்டும் என்பது அமெரிக்கக் கட்டட விதி. அளவுக்கு பிரிட்டிஷ் விதியைப் பார்க்கலாம். திறப்பின் அகலமும் உயரமும் 45 சென்டிமீட்டருக்குக் குறையக்கூடாது, பரப்பு சுமார் மூன்றரை சதுர அடியாவது இருக்க வேண்டும், அடிவிளிம்பு தரையிலிருந்து 110 சென்டிமீட்டருக்கு மேலே போகக்கூடாது. நம் ஊரில் ஜன்னல் பெரும்பாலும் மூன்றடி உயரத்தில் தொடங்குவதால் கடைசி விதி சிக்கலில்லை. சிக்கல், நகரும் ஜன்னலில்தான். நாலடி அகலமுள்ள இரட்டைக் கண்ணாடி ஜன்னல் திறந்தால் இரண்டடிதான் கிடைக்கும். கிரில் கதவு அந்தத் திறந்த பாதிக்கு நேராக வர வேண்டும்.

நான்குக்கு நான்கடி ஜன்னல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கிரிலின் ஒரு பக்கத்தில் இரண்டடி அகலம், மூன்றடி உயரம் வெட்டினால் போதும். வெட்டிய முனைகள் ஆடாமலிருக்க அந்த வாய்க்குச் சுற்றிலும் இரும்புச் சட்டம் போட்டு வெல்டிங் செய்ய வேண்டும். கிரிலைக் கழற்றி வாசலில் வைத்து இதைச் செய்வது நல்லது. திரைச்சீலைக்குப் பக்கத்தில் பொறி பறக்கவிட்டு, தீக்குப் பயந்து செய்த வேலையே தீயை வரவழைக்கக்கூடாது. கிரில் ஜன்னலுக்கு உட்புறம் இருந்தால் கதவும் உள்பக்கம்தான் திறக்கும். அப்போது அந்த வீச்சுக்குள் கட்டிலோ பீரோவோ வரக்கூடாது.

"கதவு வெச்சா திருடனுக்கு நாமே வழிவிட்ட மாதிரி ஆகிடுமேம்மா" என்பார் பட்டறைக்காரர். நியாயமான கேள்வி. பதில் தாழ்ப்பாளில் இருக்கிறது. ஒரே கைப்பிடியைத் திருப்பினால் மேலும் கீழும் தாழ் விலகும்படி செய்து, அதை வெளிப்புறம் இரும்புத் தகட்டால் மறைத்துவிட வேண்டும். கீலின் ஆணியை வெளியிலிருந்து தட்டிக் கழற்ற முடியாதபடி அதன் முனையையும் வெல்டிங் செய்ய வேண்டும். வேலை முடிந்ததும் நீங்களே வெளியே நின்று, கம்பிகளுக்கிடையே கையை விட்டும், வளைத்த கம்பியால் கொக்கி போட்டும் முயன்று பாருங்கள். எட்டினால் தகடு போதாது. சின்னப் பிள்ளைகள் திறந்து விழாமலிருக்க, கைப்பிடி தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் இருக்கட்டும்.

காரைக்காலில் இதற்கெல்லாம் பெரிய எதிரி உப்புக்காற்று. சாதாரண இரும்புக் கீல் துருவேறி இறுகிவிடும். ஆணியாவது எவர்சில்வராக இருந்தால் நல்லது. மாதம் ஒருமுறை ஒரு சொட்டு எண்ணெய் விட வேண்டும். அதைவிட மோசம் பொங்கலுக்கு அடிக்கும் பெயின்ட். இடுக்கில் படிந்து காய்ந்து, கதவையும் சட்டத்தையும் ஒன்றாக ஒட்டிவிடும். பார்க்கப் புதுசாகப் பளபளக்கும், திறக்காது. வெள்ளையடித்த மறுநாளே ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். ராத்திரியில் விளக்கை அணைத்துவிட்டு, கைப்பிடியைத் தடவிக் கண்டுபிடித்து ஒற்றைக் கையால் திறக்க வருகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

மாடியறையில் இந்தக் கதவு குதிப்பதற்கானதல்ல. அறைக்கதவைச் சாத்தி, கீழிடுக்கில் துணியை அடைத்து, இதைத் திறந்து மூச்சுவிட்டு, கூப்பிடுவதற்கானது; ஏணி வந்தால் இறங்கலாம். கால்வலிப் பாட்டியால் மூன்றடி ஜன்னலை ஏறிக் கடக்க முடியாது. அவருக்கு வாசல்தான் வழி. அதனால் வெளிக்கிரிலில் தொங்கும் பூட்டை எடுத்துவிட்டு, வெளியே சாவியும் உள்ளே திருகுமாக உள்ள பூட்டை மாட்டுங்கள். திருகைச் சுற்றியும் அதே தகடு வேண்டும். ஊர்வலத்துக்குக் கிளம்பும் முன், பாட்டியையே ஒருமுறை திருகித் திறக்கச் சொல்லுங்கள்.