நான் கூட்டிப் போட்ட ஒன்று

99 என்று வந்த கூட்டுத்தொகையை 100 ஆக்குவதற்காக, கருத்துக்கணிப்பு அட்டவணையில் ஓர் எண்ணை மாற்றிப் போட்டவன் நான். அப்போது ஒரு பத்திரிகையில் அட்டவணைகள் தயாரிப்பது என் வேலை. 99 என்று அச்சானால் வாசகர் கணக்குத் தப்பு என்பாரே என்று பயந்தேன். அதனால் கடைசி வரியில் ஒன்று கூட்டிவிடுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

அதில் ஒன்றை என்னால் மறக்க முடியவில்லை. ஊரில் நூலகக் கிளை எங்கே வரவேண்டும் என்று 1000 பேரிடம் கேட்டிருந்தார்கள். முதல் இடத்துக்கு 454 பேர், மற்ற இரண்டுக்கும் தலா 273 பேர். சதவீதத்தில் 45.4, 27.3, 27.3. கூட்டினால் சரியாக 100. புள்ளிக்குப் பின்னால் இருப்பதை விட்டால் 45, 27, 27. மொத்தம் 99. காணாமல் போன அந்த ஒன்று எங்கும் போகவில்லை. 0.4, 0.3, 0.3 என்று மூன்று வரியிலும் நாம் விட்ட துண்டுகளைச் சேர்த்தால் அதுதான். நானோ அதைக் கடைசி வரியில் ஏற்றி 28 என்று போட்டேன். சமமாக வாக்கு வாங்கிய இரண்டு இடங்களில் ஒன்று முந்திவிட்டதாக அச்சாகிவிட்டது. அப்படி ஒரு முடிவை அந்த ஊர் மக்கள் சொல்லவே இல்லை.

இதைவிடப் பெரிய தவறும் இந்தப் பழக்கத்தில் இருந்தது. அருகிலுள்ள முழு எண்ணுக்கு மாற்றும்போது ஒரு வரியில் அதிகபட்சம் அரைதான் கூடும் அல்லது குறையும். ஆகவே மூன்று வரி அட்டவணையில் மொத்தம் 99, 100, 101 இவற்றில் ஒன்றாகத்தான் வரும். ஐந்து வரி என்றால் 98 முதல் 102 வரை போகலாம். மூன்று வரியில் 97 வந்தால் அது துண்டுகள் விடுபட்டதால் வந்ததல்ல. பதில் சொல்லாதவர்களின் வரி விட்டுப்போயிருக்கும், அல்லது வகுத்த எண்ணே தப்பாக இருக்கும். எந்தக் கூட்டுத்தொகையையும் இழுத்து 100-இல் நிறுத்திய நான், அந்த எச்சரிக்கையையும் சேர்த்தே அழித்துவிட்டேன்.

தசமம் ஓர் இடம் சேர்த்தாலும் இது தீராது. மூன்று பேர் சமமாகப் பிரித்தால் 33.3 மூன்று தடவை, அதாவது 99.9.

எண்ணை ஏற்றித்தான் ஆகவேண்டிய இடமும் உண்டு. அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் இடங்களை மாநிலங்களுக்குப் பிரிக்க, பின்னம் பெரிதாக உள்ளவர்க்கே மீதி இடம் என்னும் முறையை அலெக்சாண்டர் ஹாமில்டன் சொன்னார். 1792-இல் வாஷிங்டன் அதைத் தடுத்தார், 19-ஆம் நூற்றாண்டில் அது நடைமுறைக்கு வந்தது. அங்கே அரை நாற்காலி போட முடியாது. கருத்துக்கணிப்பு அட்டவணைக்கு அப்படி ஒரு நெருக்கடி இல்லை.

அட்டவணை போடுகிறவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: 99 வந்தால் 99 ஆகவே விடுங்கள். கீழே ஒரு வரி எழுதுங்கள்: ‘முழு எண்ணாக மாற்றியதால் கூட்டுத்தொகை 100 ஆக இல்லாமல் போகலாம்.’ பக்கத்தில் எத்தனை பேர் என்ற எண்ணிக்கையையும் கொடுங்கள்.