120 லிட்டருக்கு 300 மில்லி

பிரிக்ஃபீல்ட்ஸ் கடைவீட்டு மாடியில் நாலு பேரை வைத்துக் கரையான் மருந்தடிக்கும் தொழில் நடத்துபவரை நண்பர் அறிமுகப்படுத்தினார். சுவரில் லைசென்ஸ்கள் தொங்கின. 1974 பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் 2004இல் வந்த விதிப்படி கம்பெனிக்கு ஒன்று, மருந்தடிப்பவருக்கு ஒன்று, உதவியாளருக்கு ஒன்று. பயிற்சியும் தேர்வும் தாண்டித்தான் மருந்தடிப்பவர் லைசென்ஸ் கிடைக்கும்.

கிள்ளானில் ஒரு வரிசை வீட்டுக்கு அவருடைய மூத்த ஊழியரோடு போனேன். தரையில் துளை போடும் சத்தம் தாங்காமல் வெளியே நின்றுகொண்டேன். மருந்து கலக்கும்போதுதான் அருகில் வரச் சொன்னார். நீர் கலக்காத மருந்துதான் மேலே பட்டால் அதிகக் கேடு. அதனால் நைட்ரில் கையுறையும் முகக்கவசமும் அந்த நேரத்தில் கட்டாயம்.

"எங்கம்மா எஸ்டேட்ல பாராகுவாட் அடிச்சவங்க. கையுறையே கெடையாது. நகமெல்லாம் கழண்டு விழும். எந்த வருஷம் எவ்வளவு அடிச்சாங்கன்னு எங்கயும் எழுதல, சார்" என்றார் அந்த ஊழியர்.

2020 ஜனவரியில் பாராகுவாட்டுக்கு நாடு முழுவதும் தடை வந்தது. ரசாயனம் கையாளும் தொழிலாளியின் உடல்நலக் கண்காணிப்புப் பதிவை இப்போது 30 ஆண்டு வைத்திருக்க வேண்டும். இரவல் ஆட்களாக வருபவர்களுக்கு அந்தப் பதிவை யார் வைத்திருப்பார்கள்?

ஊழியருடைய வேலைத்தாளைப் பார்த்தேன். மருந்தின் பெயர், லேபிளில் உள்ள LRMP பதிவெண், கலவை விகிதம், சுவரின் நீளம், மருந்தடித்தவர் பெயர். அன்று சுவர் 24 மீட்டர், மீட்டருக்கு 5 லிட்டர், ஆக 120 லிட்டர் கலவை. மருந்தில் லிட்டருக்கு 200 கிராம் இமிடாகுளோப்ரிட் உள்ளது. கலவை 0.05 சதவீதமாக வர லிட்டர் தண்ணீருக்கு 2.5 மில்லி வேண்டும். மொத்தம் 300 மில்லி. சாயங்காலம் ஸ்டோர் புத்தகத்தில் அதே 300 குறைய வேண்டும். 150தான் குறைந்திருந்தால் ஒன்று பாதி வலுவில் அடித்திருக்கிறார்கள், இல்லையென்றால் பாதிச் சுவரோடு நின்றிருக்கிறார்கள். 300க்கு மேல் குறைந்திருந்தால் மினரல் வாட்டர் பாட்டிலில் ஊற்றி யாரோ எடுத்துப் போயிருக்கலாம். லேபிள் இல்லாத அந்தப் பாட்டில் வீட்டுக் குழந்தையின் கைக்குப் போனால் என்ன ஆகும் என்று அவர் சொல்லத் தேவையில்லை.

அடிமாட்டு விலையில் வேலையைப் பிடித்துக் கைமாற்றிவிடும் தரகர்கள்மீது எனக்குக் கோபம் வந்தது. தங்கள் பங்கை முதலிலேயே எடுத்துக்கொள்வதால், கடைசியில் வேலை செய்பவருக்கு மிச்சம் பிடிக்க மருந்து ஒன்றுதான் இருக்கிறது. சில மாதங்கள் கழித்துக் கரையான் திரும்பி வரும்போது தரகரின் போன் எடுபடாது. முதலாளியும் அப்படி வரும் வேலைகளை எடுப்பதில்லை. வாடிக்கையாளர் கேட்டால் வேலைத்தாளின் நகலை நீட்டி, "மத்தவங்ககிட்டயும் இதக் கேளுங்க" என்கிறார். விலையைக் கேட்டதும் பாதிப் பேர் போய்விடுகிறார்களாம்.