அப்பாவின் அரையடி ஸ்கேல்

அட்வான்ஸ் கொடுத்து நான்கு நாள் ஆகியிருந்தது. இரவு பத்து மணிக்கு அப்பா ஊரிலிருந்து கூப்பிட்டார். "தம்பி, நம்மள நல்லா ஏமாத்திட்டாங்கடா. வீடு 360 சதுர அடிகூடத் தேறல."

பில்டர் அனுப்பிய வரைபடத்தில் '1:100' என்று இருந்தது. அப்பா அதை ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து அரையடி ஸ்கேலால் அளந்திருக்கிறார். ஒரு சென்டிமீட்டர் என்றால் ஒரு மீட்டர். படுக்கையறை நீளம் 2.5 செ.மீ., அதாவது எட்டேகால் அடி. "அம்மா கட்டிலப் போட்டா பீரோவ எங்கடா வைக்கிறது?"

எனக்கும் வயிற்றைக் கலக்கியது. வரைபடத்தைத் திறந்து பார்த்தேன். அது A3 தாளுக்காக வரைந்தது. கடைக்காரர் A4-இல் அடங்கும்படி சுருக்கி அடித்திருக்கிறார். படம் சுருங்கிவிட்டது, '1:100' என்ற எழுத்து மட்டும் அப்படியே நிற்கிறது.

நல்லவேளையாக, கீழே ஓரத்தில் ஐந்து மீட்டரைக் குறிக்கும் அளவுக்கோடு ஒன்று இருந்தது. படத்தோடு சேர்ந்து அதுவும் சுருங்கியிருக்கும் என்பதால் அதை நம்பலாம். "அத அளந்து சொல்லுங்கப்பா." 3.5 செ.மீ. என்றார். ஐந்தை 3.5-ஆல் வகுத்தால், அவர் தாளில் ஒரு சென்டிமீட்டர் 1.43 மீட்டர். படுக்கையறை 3.57 மீட்டர், ஏறக்குறைய பதினொன்றே முக்கால் அடி.

பரப்பில் இந்தப் பிழை இருமுறை பெருகும், நீளத்தில் ஒருமுறை, அகலத்தில் ஒருமுறை. 1.43-ஐ 1.43-ஆல் பெருக்கினால் இரண்டுக்குச் சற்று மேல். வீடு பாதியாகத் தெரிந்தது அதனால்தான்.

கார்ப்பெட் ஏரியாவையும் சேர்ந்தே போட்டோம். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி வெளிச்சுவர், பால்கனி, குழாய் போகும் ஷாஃப்ட் இதில் சேராது. உள்ளே அறைகளைப் பிரிக்கும் சுவர்கள் சேரும். அதனால் அறை அறையாகக் கூட்டினால் கணக்கு குறையும். வெளிச்சுவரின் உள்முகத்தை ஒட்டி, பால்கனியை விட்டுவிட்டு, மொத்தமாக அளக்க வேண்டும். தாளில் 6.3-க்கு 5.3 செ.மீ. வந்தது. நிஜத்தில் 9-க்கு 7.58 மீட்டர், சுமார் 68.2 சதுர மீட்டர். ஷாஃப்டுக்கு 0.6 கழித்து, 10.764-ஆல் பெருக்கினால் 728 சதுர அடி. ஒப்பந்தத்தில் 730 என்று இருந்தது.

அந்த இரண்டு அடிக்குச் சண்டை போட முடியாது. ஸ்கேலில் அரை மில்லிமீட்டர் தப்பினாலே அறையில் ஏழு சென்டிமீட்டர் மாறிவிடும். அங்குலக் கணக்குக்கு டேப்போடு நேரில்தான் போக வேண்டும்.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "விளம்பரத்துல 1,050னு போட்டிருந்தானே?" என்றார். அதில் வெளிச்சுவர், பால்கனி, படிக்கட்டு, லிஃப்ட்டில் நம் பங்கு எல்லாம் சேர்த்தி என்றேன்.

"அப்ப விலைய 728-ஆல வகுத்துப் பாருடா."

வகுத்துப் பார்த்தேன். அன்றைக்கு இரண்டாவது முறையாக வயிற்றைக் கலக்கியது.