கருப்பனின் பதிவேடு



எங்கள் வீட்டு நாய் கருப்பனுக்கு மூன்று வயதில் முதல் வலிப்பு வந்தது. நள்ளிரவில் அவன் பக்கவாட்டில் சாய்ந்து, கால்களை உதைத்து, வாயில் நுரை தள்ளக் கிடந்தான். அம்மா சாவிக்கொத்தை எடுத்து வந்து அவன் பாதத்தில் அழுத்தினார். நானோ நாக்கை விழுங்கிவிடுவான் என்றஞ்சி வாய்க்குள் விரலை நுழைக்கப் போனேன். இரண்டும் தவறு என்று மறுநாள் கால்நடை மருத்துவர் விளக்கினார். இரும்பால் வலிப்பு நிற்காது. நாய் தன் நாக்கை விழுங்குவதில்லை. ஆனால், தன்னினைவின்றிக் கடித்துவிடும்.

"எவ்வளவு நேரம் நீடித்தது?" என்று கேட்டார். பத்து நிமிடம் என்றேன். அச்சத்தில் ஒரு நிமிடமும் பத்தாகத் தோன்றும் என்றவர், இனிக் கடிகாரத்தைப் பார்க்கச் சொன்னார்.

அன்றே ஒரு பள்ளிக் குறிப்பேட்டில் கட்டம் வரைந்தேன். நாள், தொடங்கிய நேரம், நீடித்த நேரம், முன்னும் பின்னும் கண்டவை. அடுத்த வலிப்பு ஒரு நிமிடம் நாற்பது விநாடி. விளக்கை மங்கலாக்கி, நாற்காலிகளை அகற்றி, அம்மாவைக் கைப்பேசியில் படம் பிடிக்கச் சொன்னேன். தெளிந்தபின் அரை மணி நேரம் கருப்பன் சுவரில் முட்டியபடி நடந்தான். அதையும் எழுதினேன்.

பினோபார்பிட்டால் மாத்திரை, பன்னிரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை தொடங்கியது. இரண்டு மாதம் அமைதி. பிறகு மூன்று வாரத்தில் இருமுறை வலிப்பு வந்தது. மருந்து போதவில்லை என்றே எண்ணினேன். மருத்துவர் குறிப்பேட்டைப் புரட்டி, "மாத்திரை கொடுத்ததற்குக் கட்டம் எங்கே?" என்றார்.

நாள்களைப் பார்த்தேன். இரண்டும் வியாழன் அதிகாலை. புதன்கிழமைகளில் புறப்பாட நடவடிக்கை முடிந்து நான் தாமதமாக வீடு திரும்புவேன். அம்மா கொடுத்திருப்பார் என்று நானும், நான் வந்து கொடுப்பேன் என்று அம்மாவும் இருந்திருக்கிறோம். மருந்தின் மீது சுமத்திய பழி எங்களுடையது. பின்னர் இரத்தப் பரிசோதனை செய்து மருந்தின் அளவு போதுமென்று உறுதிப்படுத்திய மருத்துவர், மாத்திரையைக் கூட்டவில்லை. இந்த மருந்தைத் திடீரென நிறுத்தினாலும் வலிப்பு கடுமையாகத் திரும்பும் என்று எச்சரித்தார்.

இப்போது குறிப்பேட்டில் காலை, மாலை என இரு கட்டங்கள் கூடியுள்ளன. கொடுத்தவரே கையொப்பமிட வேண்டும். முதல் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு விதி: வலிப்பு ஐந்து நிமிடத்தைக் கடந்தாலோ, ஒரே நாளில் இரண்டாம் முறை வந்தாலோ, காத்திராமல் மருத்துவரிடம் விரைக. நெடிய வலிப்பில் உடல் சூடேறும். அது மூளைக்குத் தீங்கு.

வலிப்பு முற்றிலும் நீங்கவில்லை. கடைசியாக வந்து நான்கு மாதமாகிறது. நேற்று மாலைக் கட்டத்தில் அம்மாவின் கையொப்பம் இருந்தது. படித்துவிட்டே உறங்கச் சென்றேன்.