கன்சோலுக்கும் மூச்சு முட்டும்

டியூஷன் எடுத்துச் சேர்த்த காசில் வாங்கிய செகண்ட் ஹேண்ட் கன்சோல் அது. மே மாசம், மொட்டை மாடிக்கு நேர் கீழே என் ரூம், ஏசி கிடையாது. ஆட ஆரம்பித்து இருபது நிமிஷத்தில் "சூடு அதிகம், ஆஃப் பண்ணு"ன்னு ஸ்க்ரீனில் எச்சரிக்கை. "ஏமாந்துட்டியேடா"ன்னு அம்மா சொன்னாங்க. பாதி விலைக்குத் தள்ளிவிடலாமான்னு கூட யோசிச்சேன்.

அப்புறம் ஒரு தெர்மாமீட்டரை டிவி ஸ்டாண்டுக்குள்ள வச்சுப் பார்த்தேன். ரூமில் 36 டிகிரி, ஸ்டாண்டுக்குள்ள 45! மேனுவல்ல போட்டிருக்கிற வரம்பே 35 தான். பின்னாடி வெளியே தள்ளுற சூடான காத்து, சுவத்துல மோதித் திரும்பி, அதே காத்தை ஃபேன் மறுபடி உள்ளே இழுத்துக்கிட்டிருந்தது. கோளாறு கன்சோல்ல இல்லை, நான் வச்ச இடத்துல.

நீங்களும் முதல்ல அதை ஸ்டாண்டை விட்டு வெளியே எடுங்க. மெத்தை மேல வைக்காம கெட்டியான மேஜை மேல, சுவத்திலிருந்து குறைஞ்சது ஒரு சாண் தள்ளி வைங்க. டேபிள் ஃபேனை காத்து உள்ளே போற பக்கமா திருப்புங்க. வெளியேறுற பக்கம் வச்சா சூட்டைத் திரும்ப உள்ளே தள்ளும்.

எனக்கு 45 என்பது 37 ஆச்சு. ஆனா எந்த ஃபேனும் ரூம் காத்தை விடக் குளிர்ச்சியா ஆக்காது. அதனால மதியம் தொடுறதில்லை. ராத்திரி ஒன்பதுக்கு மேல ஜன்னலைத் திறந்து வச்சு ஆடுறேன். எச்சரிக்கை வந்து ரெண்டு வாரம் ஆச்சு.