நாக்கை வரைந்த அரசன்

அண்ணன் மகள் தன் பழைய செல்போனை என்னிடம் தள்ளிவிட்டுப் போனாள். தொடர் பார்த்தே கொரிய மொழி கற்றவள். பழக்கத்துக்காகப் போனையும் அந்த மொழிக்கு மாற்றி வைத்திருந்தாள். அதிலிருந்த படம் திருத்தும் செயலியில்தான், கல்யாண வீட்டுக் கூட்டப் படத்திலிருந்து அம்மாவின் முகத்தை மட்டும் எடுக்க உட்கார்ந்தேன்.

ஃபில்டருக்கு மொழி வேண்டியதில்லை. 필터 என்பதைத் தொட்டதும் அம்மாவே சின்னச் சின்னக் கட்டங்களில், ஒவ்வொன்றிலும் ஒரு நிறத்தில் வரிசையாக வந்து நின்றாள். சிவப்பாக்கிக் காட்டியதையெல்லாம் ஒதுக்கி, அவள் நிறம் மாறாததை எடுத்தேன். வெட்டுவதும் அப்படித்தான், 자르기 என்று எழுதியிருந்தாலும் மூலையைப் பிடித்து இழுக்க விரல் போதும். ஆனால் வெட்டியபின் மிஞ்சியது கொஞ்சம். 4000-க்கு 3000 புள்ளி இருந்த படத்தில் அம்மாவின் பங்கு 630-க்கு 810. அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்து அச்சிட்டால் இரண்டு அங்குல அகலம்தான். சுவரில் மாட்ட ஆகாது, பர்சில் வைக்கலாம்.

கடைசியில் 화질, அதாவது படத்தின் தரம். அதன் கீழே 낮음, 보통, 높음. மேலே இருப்பதுதான் உசத்தி என்று நினைத்து முதலாவதைத் தொட்டேன். போன் திரையில் குறை தெரியவில்லை. பெரிதாக்கிப் பார்த்தபோது கன்னத்தில் சதுரம் சதுரமாகத் தடம், புடவைக் கரையோரம் கொசு மொய்த்ததுபோல் புள்ளிகள்.

"சித்தப்பா, அது 'குறைவு'. கடைசியில் இருப்பதுதான் 'அதிகம்'" என்று அண்ணன் மகள் போனில் சிரித்தாள்.

எனக்கோ இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன. இரண்டும் ㄴ-இல் தொடங்கி 음-இல் முடிகின்றன. அந்த ㄴ நம் 'ந'வின் ஒலி. 1443-இல் சேஜோங் அரசர் இந்த எழுத்துகளை உண்டாக்கினார். 1446-இல் வந்த விளக்கநூல், ㄴ என்பது மேலண்ணத்தைத் தொடும் நாக்கின் வடிவம் என்கிறது. 'ந' என்று சொல்லி நாக்கைக் கவனித்தேன். நுனி மேலே வளைந்துதான் நிற்கிறது. நம் தொல்காப்பியப் பிறப்பியலும் எந்த ஒலிக்கு நாக்கு எங்கே தொடும் என்று சொல்கிறது. ஆனால் நாம் சூத்திரத்தோடு நிறுத்திக்கொண்டோம். அந்த அரசர் நாக்கையே படமாக வரைந்து எழுத்தாக்கிவிட்டார். அரைமணி நேரம் 'ந' சொல்லிக்கொண்டிருந்ததில் அம்மா படம் மறந்தே போனது.

பிறகு மறுபடி வெட்டினேன், கெட்டுப்போன பிரதியிலிருந்து அல்ல, மூலப் படத்திலிருந்து. சேமிக்கும் ஒவ்வொரு முறையும் ஜேபெக் கொஞ்சம் தேயும். தேய்ந்ததை உயர்ந்த தரத்தில் சேமித்தாலும் தேய்ந்தது திரும்பாது.

உங்களுக்கும் இப்படி ஒரு போன் வாய்த்தால் ஓர் அடையாளம் சொல்கிறேன். ㄴ-இல் தொடங்கும் இரண்டில் 높음 என்பதன் முதல் எழுத்துக்குள்தான் ㅗ இருக்கிறது. படுத்த கோட்டின்மேல் ஒரு சிறு கோடு மேல்நோக்கி நிற்கும். மேலே காட்டுவதுதான் உயர்ந்தது.