யோகாசிரியர் ஒருவரின் தன்குறிப்பு

யோகாசனம் பயிற்றும் பழைய மாணவர் ஒருவர், தம் வகுப்பை அறிவிக்கும் துண்டுப்பிரசுரத்திற்கென எழுதிய தன்குறிப்பைத் தமிழ் திருத்தித் தருமாறு எம்மிடம் ஒப்படைத்தனர். எழுத்துப் பிழைகள் சிலவே. பொருளே எம்மைத் தடுத்து நிறுத்தியது. "சர்வதேசச் சான்றிதழ் பெற்ற யோக சிகிச்சை நிபுணர்; நீரிழிவையும் முதுகுவலியையும் மருந்தின்றி நீக்குபவர்" என்பது அதன் முதல் வாக்கியம்.

முதலிற் சான்றிதழை வாங்கிப் பார்த்தோம். அவர் முடித்தது 200 மணித்தியாலப் பயிற்சி. சான்றிதழை வழங்கியது பயின்ற பள்ளி. பின்னர் அமெரிக்காவிலுள்ள யோகா அலையன்ஸ் என்னும் சங்கத்திற் பெயரைப் பதிந்து, ஆர்.வை.ரி. 200 என்னும் குறியீட்டைப் பெற்றுள்ளார். அச்சங்கம் ஆசிரியரைப் பதிவு செய்வதேயன்றிச் சான்றிதழ் அளிப்பதன்று. ஆகவே "சர்வதேசச் சான்றிதழ்" என்பதை நீக்கி, பள்ளியின் பெயர், ஆண்டு, மணித்தியாலம் ஆகியவற்றை எழுதி, பதிவைப் பதிவென்றே குறித்தோம். "சிகிச்சை" என்ற சொல்லும் நில்லாது. தன் பதிவு சிகிச்சைத் தகுதியாகாது எனக் கருதி, அச்சொல்லைப் பதிவேட்டில் வழங்குவதை அச்சங்கமே 2016ஆம் ஆண்டிற் கட்டுப்படுத்திற்று.

அடுத்து வினைச்சொற்களுக்கு வந்தோம். நீக்கும், போக்கும், தடுக்கும் என்பவற்றை அவர் தயக்கமின்றி அடித்தனர். ஆனால் "முதுகுவலிக்கு உதவும்" என்று மாற்றலாமே என்றனர். நோயின் பெயர் அங்கு நிற்கும்வரை வினை எத்துணை மெலிந்தாலும் வாக்கு வாக்கே. மாணவர் ஒருவர் தம் சீனி குறைந்ததென எழுதிய நன்றிக் கடிதத்தையும் அடியில் அச்சிட எண்ணியிருந்தார். பிறர் வாயாற் சொல்வித்தாலும் அச்சிடுபவர் கூற்றே அது என்றோம்; அவர் முகம் வாடியது. பிறகு எடுத்துவிட்டார்.

இவ்வளவையும் நீக்கியபின் எஞ்சுவது யாது என வினவினர். வகுப்பில் நீர் செய்வது யாது என யாம் திருப்பி வினவினோம். அதற்கு அவர் சொன்ன விடை, பிரசுரத்தைவிட நன்றாயிருந்தது. அதையே ஏறக்குறைய அவ்வாறே எழுதினோம்:

"200 மணித்தியால ஆசிரியப் பயிற்சி முடித்தவர், யோகா அலையன்ஸிற் பதிவு பெற்றவர். ஒரு வகுப்பில் எண்மருக்கு மேற் சேர்ப்பதில்லை. தரையில் அமர இயலாதோர் கதிரையில் இருந்து பயிலலாம். ஒவ்வோர் ஆசனமும் முதலிற் செய்து காட்டப்படும்; உடலைத் தொட்டுத் திருத்துவதாயின் அநுமதி கேட்கப்படும். இறுதிப் பத்து நிமிடம் சவாசனம். கர்ப்பிணிகள், அண்மையிற் சத்திரசிகிச்சை செய்துகொண்டோர், கண்ணழுத்தம் உடையோர் தம் வைத்தியரைக் கேட்டபின் வருக. சேருமுன் ஆசிரியரிடமும் கூறுக."

கண்ணழுத்தத்தைச் சேர்த்தது ஏனென்று சிலர் கேட்கலாம். சிரசாசனம் போன்ற தலைகீழ் நிலைகளிற் கண்ணின் உள்ளழுத்தம் உயரும். இஃது எச்சரிக்கை, நோய் தீர்ப்பதாகக் கூறும் வாக்கன்று.